ஹீமோலைசிஸ்: சிதையாததைச் சிதைவு என்று சொல்லலாமா?

தேவகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வக நுட்பம் படிக்கும் மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஹீமோலைசிஸுக்கு 'இரத்தச் சிதைவு' என்று போட்டேன். தட்டில் தெரிவதை ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்றாகப் பிரிக்கிறோம் அல்லவா, அதில் பீட்டா வரை வண்டி ஓடியது. காலனியைச் சுற்றி இரத்த அகார் தெளிந்துபோய், தட்டுக்குக் கீழே வைத்த தாளின் எழுத்தையே படிக்க முடிகிறது. அதைச் சிதைவு என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆல்ஃபாவுக்கு 'பகுதி இரத்தச் சிதைவு' என்று எழுதினேன். காமாவுக்கு வந்தால் 'இரத்தச் சிதைவு இல்லாத இரத்தச் சிதைவு' என்று ஆகிவிட்டது. வீட்டில் வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார்கள். நல்ல சொல் ஒன்று வேண்டும். இதே பாடத்தில், கிருமி பித்தத்தில் கரைகிறதா என்று பார்க்கும் 'பைல் சாலுபிலிட்டி' சோதனைக்கும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கதிரவன் எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு தடுமாற்றம்? எலக்ட்ரோலைசிஸ் மின்னாற்பகுப்பு, ஹைட்ராலிசிஸ் நீராற்பகுப்பு. 'லைசிஸ்' வரும் இடத்தில் 'பகுப்பு' என்று நாம் முன்பே தீர்மானித்தாயிற்று. ஆகவே குருதிப்பகுப்பு. ஆல்ஃபா அரைப்பகுப்பு, பீட்டா முழுப்பகுப்பு, காமா பகுப்பின்மை. முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், ஒரே வேருக்கு ஒரே சொல் என்பதை விட்டால் கலைச்சொல்லாக்கம் சந்தைக்கடையாகிவிடும்.

முருகேசன் எழுதியது:

நாங்கள் இதை தினமும் பார்க்கிறோம். ஊசி சிறியதாக இருந்தாலோ, சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ சீரம் சிவந்துவிடும். பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். 'சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிருக்கு, திரும்ப எடுங்க' என்று சொல்லி அனுப்புவோம். வார்டில் எல்லோருக்கும் புரிகிறது. புதுச் சொல் எதற்கு?

தேவகி எழுதியது:

முருகேசன் அண்ணா, நான் கேட்டது தட்டில் பாக்டீரியா செய்யும் வேலையைப் பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்னது உதவும். குழாயில் நடப்பதற்கும் தட்டில் நடப்பதற்கும் ஒரே சொல் பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

கதிரவன் ஐயா, 'குருதிப்பகுப்பு' என்றால் என் மாணவர்கள் இரத்தப் பரிசோதனை என்று எடுத்துக்கொள்வார்கள். 'பகுப்பாய்வு' அவர்கள் நாக்கிலேயே இருக்கிறது.

நூர்ஜஹான் எழுதியது:

தேவகி, உங்கள் சொல்லில் பிழை இல்லை. ஆல்ஃபா என்று பெயர் வைத்த இடத்தில்தான் சிக்கல். குழாயில் முருகேசன் பார்ப்பது உண்மையான சிதைவு: சிவப்பணு உடைகிறது, ஹீமோகுளோபின் வெளியே வருகிறது. பீட்டாவும் அதுவே. ஆல்ஃபா அது அல்ல.

நியூமோகாக்கஸும் அதன் உறவுக்காரர்களும் வளரும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியே விடுகின்றன. அது ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்சிஜனேற்றி மெத்ஹீமோகுளோபினாக மாற்றுகிறது. தட்டில் தெரியும் பச்சை கலந்த பழுப்பு அதனால் வருவது. அந்தப் பச்சை வளையத்தை நுண்ணோக்கியில் பாருங்கள், நிறம் மாறிய அணுக்கள் உடையாமல் கிடக்கும். கொஞ்சம் உடைந்திருக்கலாம், ஆனால் பச்சைக்குக் காரணம் உடைவு இல்லை. இன்னொரு சாட்சியும் உண்டு. அதே நியூமோகாக்கஸை ஆக்சிஜன் இல்லாத ஜாடியில் வளர்த்தால் பச்சை வராது. ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும் நியூமோலைசின் என்ற அதன் நச்சு அங்கே வேலை செய்து, பீட்டா மாதிரி தெளிந்த வளையம் வரும். ஆக, ஒரே கிருமி சிதைக்கவும் செய்யும், பச்சையாக்கவும் செய்யும். இரண்டும் வேறு வேறு வேலை. 'அரை', 'முழு' என்ற அளவுகோல் இங்கே பொருந்தாது.

1903-இல் ஷாட்முல்லர் இரத்தத் தட்டில் இவற்றைப் பிரித்தபோது, பச்சையாக்குவதற்கு 'விரிடான்ஸ்' என்றே பெயர் வைத்தார். அது பச்சை என்று பொருள்படும் லத்தீன். 1919-இல் பிரவுன் ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற எழுத்துகளைக் கொடுத்தார். நாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, முந்தைய நல்ல பெயரை விட்டுவிட்டோம்.

சொல் விளையாட்டுக்காக இதைச் சொல்லவில்லை. பேசிட்ராசின் மருந்து தோய்த்த வட்டை பீட்டாவுக்கு மட்டும்தான் வைக்க வேண்டும். 0.04 யூனிட் வட்டைச் சுற்றி வளர்ச்சி தடைபட்டால் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் பச்சையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களில் பலவும் பேசிட்ராசினுக்கு அடங்கும். 'பகுதிச் சிதைவு' என்று படித்த மாணவர், 'சரி, இதுவும் சிதைவுதானே, கொஞ்சம் கம்மி' என்று பச்சைக் காலனியை எடுத்து வட்டு வைப்பார். வளையம் வரும். தொண்டையில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஒன்றுக்கு ஏ பிரிவு என்று ரிப்போர்ட் போய்விடும்.

யோகன் எழுதியது:

பேசிட்ராசின் என்றதும் என் பழைய கதை நினைவுக்கு வருகிறது. நான் வேலை பழகிய ஆய்வுகூடத்தில் ஒரு மாதம் தொண்டைத் துடைப்புகளில் பீட்டா வந்ததெல்லாம் ஏ பிரிவாகவே இருந்தது. பெரிய பெரிய வளையம். எனக்கும் சந்தோசம், தடுமாற வேண்டியதில்லையே. பிறகு மூத்தவர் ஒருவர் குப்பியைத் திருப்பி லேபலைப் பார்த்தார். 10 யூனிட். மருந்துணர்வுச் சோதனைக்கு வைக்கிற வட்டு அது, 0.04 இல்லை. 250 மடங்கு கூட. அந்த அளவுக்குப் பி பிரிவும் அடங்கிவிடும். சரியான வட்டை வைத்தாலும் சி, ஜி பிரிவில் சிலது அடங்கும், அது வேறு கதை. தேவகி, கையேட்டில் எண்ணைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். இலங்கையில் எங்கள் பாடநூல்களில் சிவப்பணுவைச் செங்குழியம் என்போம். 'செங்குழியச் சிதைவு' என்றால் எது சிதைகிறது என்று தெளிவாகத் தெரியும். இரத்தம் சிதைவதில்லையே. இன்னொன்று, டிஸ்கை யாராவது 'வில்லை' என்று எழுதப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். எங்களுக்கு வில்லை என்றால் கண்ணாடி வில்லை.

கதிரவன் எழுதியது:

டாக்டர் நூர்ஜஹான் சொன்னதைக் கேட்டபின் 'பகுப்பு' தோற்றது என்று ஒப்புக்கொள்கிறேன். மின்னாற்பகுப்பில் சேர்மம் பிரிகிறது, இங்கே பை கிழிகிறது. ஆனால் ஆல்ஃபாவுக்குச் சொல் வேண்டாமா? 'பசுமையாதல்' என்றால் மரம் நடும் விழா மாதிரி இருக்கிறது.

நூர்ஜஹான் எழுதியது:

எங்கள் ஆய்வகத்தில் ஒரு அக்கா இருந்தார். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு 'பச்சை பூத்திருக்கு டாக்டர்' என்பார். செம்புக் குடத்தில் பூக்குமே, அந்தப் பச்சை. அங்கேயும் ஆக்சிஜனேற்றத்தில்தான் தொடங்குகிறது. அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார்.

கதிரவன் எழுதியது:

அருமை! பச்சைப்பூப்பு. ஒற்று மிகும்.

தேவகி எழுதியது:

ஐயா, வகுப்பில் 'பூப்பு' என்றால் பின்வரிசை பத்து நிமிடத்துக்கு அடங்காது. 'பச்சை பூத்தல்' என்றே வைத்துக்கொள்கிறேன். பீட்டாவுக்கு 'செங்குழியச் சிதைவு' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இங்கே 'சிவப்பணுச் சிதைவு' என்றால்தான் புரியும். காமாவுக்கு 'மாற்றமின்மை'. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"தட்டில் சிவப்பணுச் சிதைவு தெரிந்தால் 0.04 யூனிட் பேசிட்ராசின் வட்டு வைக்கவும். பச்சை பூத்திருந்தால் 5 மைக்ரோகிராம் ஆப்டோக்கின் வட்டு வைக்கவும். வளையம் 14 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் நியூமோகாக்கஸ்."

நூர்ஜஹான் எழுதியது:

கடைசி வாக்கியத்தில் ஒரு குறை. 14 என்பது 6 மில்லிமீட்டர் வட்டுக்கு, அதுவும் 5 விழுக்காடு கரியமில வாயுவில் இரவு முழுக்க வைத்த தட்டுக்கு. வாயு இல்லாமல் வைத்தால் வளையம் பெரிதாகும்.

ஒரு பெரியவரின் சளி வந்தது. பச்சை பூத்த காலனிகள். உடன் பணிபுரிந்தவர் ஆப்டோக்கின் வட்டு வைத்து, தட்டைச் சாதாரண இன்குபேட்டரில் வைத்துவிட்டார். மறுநாள் 18 மில்லிமீட்டர் வளையம். நியூமோகாக்கஸ் என்று எழுதப் போனார். கிராம் சாயத்தில் சங்கிலிகள் கொஞ்சம் நீளமாகத் தெரிந்ததால் எனக்கு உறுத்தியது. அதே காலனியைக் கரியமில வாயுவில் வைத்துத் திரும்பப் பார்த்தோம், 10 மில்லிமீட்டர். 14-க்குக் கீழே வளையம் வந்தால் பித்தச் சோதனை செய்யாமல் எதுவும் சொல்லக்கூடாது. உப்புநீரில் கலங்கலாகக் கலக்கி இரண்டு குழாயில் பிரித்தோம். ஒன்றில் சோடியம் டீஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்பு, மற்றதில் வெறும் உப்புநீர். 37 டிகிரியில் இரண்டு மணி நேரம். இரண்டுமே கலங்கலாகவே நின்றன. பக்கத்தில் வைத்திருந்த தெரிந்த நியூமோகாக்கஸ் பத்தே நிமிடத்தில் தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது, அதனால் மருந்து சரிதான். வாயு இருந்தால் அடங்காது, இல்லாவிட்டால் அடங்கும், பித்தத்தில் தெளியாது. 2004-இல் விவரிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூடோநிமோனியே இப்படித்தான் நடந்துகொள்ளும். எங்களிடம் அதை உறுதிப்படுத்த வழி இல்லை. விரிடான்ஸ் குழு என்று மட்டும் எழுதினோம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அந்தக் குழாயில் நியூமோகாக்கஸ் சர்க்கரை மாதிரி கரைவதில்லை. அதற்குள்ளேயே தன் சுவரை அறுக்கும் நொதி இருக்கிறது, பித்த உப்பு அதைத் தூண்டிவிடுகிறது, செல் வெடித்துவிடுகிறது. வேடிக்கையைப் பாருங்கள்: லைசிஸ் என்று பெயர் வைத்த ஆல்ஃபாவில் லைசிஸ் இல்லை, கரைதல் என்று பெயர் வைத்த இதில்தான் லைசிஸ் இருக்கிறது.

கதிரவன் எழுதியது:

அப்படியானால் 'பித்தச் சிதைவு'.

யோகன் எழுதியது:

ஐயா, அது பித்தம் சிதைவதாக எல்லோ ஒலிக்கிறது. 'பித்தத்தால் சிதைதல்' என்று நீட்டினால் சரி. ஆனால் ரிப்போர்ட் படிவத்தின் பெட்டிக்குள் அடங்காது.

முருகேசன் எழுதியது:

நாங்கள் 'பைல் போட்டேன், தெளிஞ்சிடுச்சு' என்றுதான் பேசிக்கொள்கிறோம். கண்ணால் பார்ப்பது அதைத்தானே? 'பித்தத் தெளிவு' என்று வையுங்கள்.

கதிரவன் எழுதியது:

பித்தம் தெளிந்தது என்றால் கிறுக்கு தீர்ந்தது என்று பொருள், முருகேசன்.

தேவகி எழுதியது:

இதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குப் 'பித்த உப்புச் சோதனை' என்று தலைப்புப் போட்டு, முடிவைத் 'தெளிந்தது', 'தெளியவில்லை' என்று எழுதிவிடுகிறேன். பெயர் வேறு கிடைத்தால் மாற்றலாம். டாக்டர், டீஆக்ஸிகோலேட் எங்களிடம் போன வாரம் குழாயில் கூழ் மாதிரி உறைந்துவிட்டது. பாக்டீரியாவின் கோளாறா, மருந்தின் கோளாறா?

நூர்ஜஹான் எழுதியது:

அமிலம். காலனியைக் குளுக்கோஸ் சேர்ந்த திரவத்தில் வளர்த்து அப்படியே ஊற்றினீர்களா? அமிலத்தன்மை கூடினால் டீஆக்ஸிகோலேட் உறைந்துவிடும், எதையும் படிக்க முடியாது. தட்டிலிருந்து எடுத்து உப்புநீரில் கலக்குங்கள், பிஎச் 7-க்குப் பக்கத்தில் இருக்கட்டும்.