பயோவில் வைத்த இணைப்புப் பக்கத்தில் முன்பதிவு மட்டும் திறக்கவில்லை

ஊசிநூல்: வணக்கம். திருமண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து தருகிறேன். கூகுள் சைட்ஸில் மாதிரிகள், முன்பதிவு, தொடர்பு என மூன்று பொத்தான்கள் கொண்ட பக்கம் ஒன்றை உருவாக்கி, அதன் முகவரியை இன்ஸ்டாகிராம் பயோவில் சேர்த்திருக்கிறேன். என் கைபேசியில் மூன்றும் திறக்கின்றன. ஆனால் முன்பதிவை அழுத்தினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்வதாகவும், நுழைய முயன்றால் பிழைச் செய்தி வருவதாகவும் வாடிக்கையாளர்கள் கூறுகிறார்கள். முன்பதிவுப் பொத்தானில் இணைத்திருக்கும் கூகுள் படிவத்தில் பெயர், திருமண நாள், விரும்பும் வேலைப்பாட்டின் படம் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறேன்.

தென்றல்77: பகிர்வு அனுமதிதான் காரணம். டிரைவில் "Anyone with the link" என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஊசிநூல்: மாதிரிகள் உள்ள பிடிஎஃப் கோப்புக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன், அது எல்லோருக்கும் திறக்கிறது. படிவத்துக்கும் இப்போது மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

நெசவாளி: படம் கேட்கும் கேள்விதான் சிக்கல். கோப்பைப் பதிவேற்றச் சொல்லும் கேள்வி ஒன்று இருந்தாலே, நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். பயோவில் அழுத்தும் இணைப்போ குரோமில் திறக்காமல், இன்ஸ்டாகிராம் தன்னுள்ளேயே வைத்திருக்கும் உலாவியில் திறக்கிறது. செயலிகளுக்குள் இருக்கும் அத்தகைய உலாவிகளில் கணக்கில் நுழைவதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. நீங்கள் ஏற்கெனவே கணக்கில் நுழைந்திருக்கும் குரோமில் சோதித்திருப்பீர்கள், அதனால்தான் உங்களுக்கு மட்டும் திறந்தது. அந்தக் கேள்வியை நீக்குங்கள். அமைப்புகளில் "Limit to 1 response" அணைந்திருக்கிறதா, மின்னஞ்சல் சேகரிப்பு "Verified" என்று இல்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை இரண்டும் கணக்கைக் கேட்பவைதான். பிறகு மறைநிலைச் சாளரத்தில் படிவத்தைத் திறந்து, கேள்விகள் நேராக வருகின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளலாம்; படிவத்தை அனுப்பியதும் தோன்றும் செய்தியில் இந்த இணைப்பை இடுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Blouse%20design
```

பூச்சரம்: என் கடையில் முன்பதிவே கிடையாது, ஆனால் தொடர்புப் பொத்தான் எண் தவறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட்டிருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

நெசவாளி: ஆம், கூட்டல் குறியும் இடைவெளியும்கூட அங்கே கூடாது, 91ஐ அடுத்துப் பத்து இலக்கங்கள் மட்டும்.

தென்றல்77: இன்ஸ்டாகிராமே பயோவில் ஐந்து இணைப்புகள் வரை தருகிறதே, தனிப் பக்கம் எதற்கு?

நெசவாளி: முதல் இணைப்பு மட்டுமே வெளியே தெரியும், மற்றவை அதை அழுத்தினால்தான் வரும். மூன்றே இணைப்புகள் என்றால் அதுவும் போதும் என்பதை மறுக்கவில்லை. எனினும் விலை வரம்பையும் தைத்துக் கொடுக்க ஆகும் நாட்களையும் பொத்தானுக்கு மேலேயே எழுதி வைக்கத் தனிப் பக்கம்தான் இடம் தருகிறது.

ஊசிநூல்: பதிவேற்றும் கேள்வியை நீக்கியதும் படிவம் இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கிறது, நன்றி. ஆனால் படிவத்தை நிரப்பிய சிலர் படம் அனுப்பாமலே விட்டுவிடுகிறார்கள். முன்பதிவையே வாட்ஸ்அப்புக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பூச்சரம்: மாற்றினால் தேதிகளை நீங்களேதான் குறித்து வைக்க வேண்டியிருக்கும். முகூர்த்த மாதங்களில் அது கடினம்.