புதுப்பிப்பு: இரண்டாம் டெர்ம் ஃபீஸ் கணக்கு

நான் முன்பு கேட்டது: “தர்மபுரி ஸ்கூல் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் டியூஷன் 8,000, பஸ் 3,000, தம்பி-தங்கை சலுகை 10%. கடைசி நாள் அக்டோபர் 10, அப்புறம் தினம் 20 ரூபாய். 22-ல் கட்டினால் எவ்வளவு?”

மொத்தத்தில் 10% கழித்து 9,900 என்றார் ஒருவர். விழுக்காடு சரிதான். ஆனால், கணக்கு எழுதும் அக்கா சொன்னபடி படத்தைப் பெரிதாக்கினால், அடியில் பொடி எழுத்தில் ‘டியூஷனுக்கு மட்டும்’ என்றிருக்கிறது. ஆக 7,200 + 3,000 = 10,200. தாமதம் 11 முதல் 22 வரை 12 நாள், 240. மொத்தம் 10,440.

ரசீதில் வந்தது 10,460. பத்தாம் தேதியையும் தாமதமாக எண்ணியிருக்கிறார்கள் போல. ஸ்கூலில் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.