பிரான்சைஸ் கொடுக்க ஆவணம் கேட்கிறார்கள், என்னென்ன போட வேண்டும்? அவசரம்

சாட்ஸ்வொர்த்_கடை
எல்லோருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் எங்கள் பன்னி சாவ் கடை 14 வருடமாக நன்றாக ஓடுகிறது. ஒருவர் எங்கள் பெயரிலேயே இன்னொரு கடை போடக் கேட்கிறார். "பிரான்சைஸ் ஆவணம் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று பேசியிருக்கிறோம். யாரிடமாவது மாதிரி இருந்தால் அனுப்புங்கள். எங்கள் கடையில் மாதம் 95,000 ராண்ட் கையில் நிற்கிறது. அதைப் போட்டாலே போதும் என்று நினைக்கிறேன். வேறு என்ன போட வேண்டும்?

டோங்காட்_பெரியவர்
தம்பி, அவசரப்பட்டு வாங்காதே. என் மச்சான் கோழிக்கடை பிரான்சைஸ் ஒன்று எடுத்தான். இரண்டு வருடத்தில் வீட்டை விற்கும் நிலை வந்தது. முதலில் அங்கே ஏற்கெனவே கடை நடத்துகிறவர்களிடம் போய் விசாரி.

சாட்ஸ்வொர்த்_கடை
ஐயா, நான் வாங்கவில்லை, கொடுக்கிறேன்.

பீனிக்ஸ்_வாசு
அண்ணா, முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். புதுக்கடை எந்த ஊரில்? உங்கள் கடை கம்பெனியா, உங்கள் பெயரிலா? பெயரை டிரேட் மார்க் பதிந்திருக்கிறீர்களா? கேட்கிறவரிடம் ஏற்கெனவே பணம் வாங்கிவிட்டீர்களா?

ஆலோசகர்_ஜோபர்க்
இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலு முறை வருகிறது, யாரும் பழைய இழைகளைத் தேடிப் பார்ப்பதில்லை. கடை நன்றாக ஓடுவது வேறு, பிரான்சைஸ் நடத்துவது வேறு. அமெரிக்காவில் வணிக ஆணையமான எஃப்.டி.சி. விதிப்படி 23 தலைப்புகள் உள்ள ஆவணம் இருக்கிறது. வழக்கு விவரம், திவால் விவரம், கட்டணம், முதலீட்டு மதிப்பீடு எல்லாம் அதில் வரும். அதை இறக்கி உங்கள் பெயரைப் போட்டு நிரப்புங்கள். அதைவிட முழுமையான ஆவணம் உலகத்தில் இல்லை.

கணக்கர்_தேவி
ஆலோசகர் சொல்லும் 23 தலைப்பும் நல்ல பட்டியல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை நிரப்பினால் இங்கே சட்டம் கேட்பது விடுபட்டுப் போகும். தென்னாப்பிரிக்காவில் இதற்கு 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2011 ஏப்ரலில் வந்த ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. மூன்றாவது விதிதான் இந்த ஆவணத்தைப் பற்றியது.

முதல் விஷயம், வெள்ளிக்கிழமை கையெழுத்து நடக்காது. ஆவணத்தில் தேதி போட்டு, கையெழுத்திட்டு, அவர் கையில் கொடுத்த பிறகு குறைந்தது 14 நாள் கழித்துத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கலாம். அதற்குப் பிறகும் 10 வேலை நாளுக்குள் அவர் எழுத்து மூலம் சொன்னால் செலவோ அபராதமோ இல்லாமல் விலகலாம். சட்டத்தின் ஏழாம் பிரிவில் இதைச் சொல்லும் வாசகத்தை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், மேலேயே, அப்படியே அச்சடிக்க வேண்டும். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதக் கூடாது.

வாசு கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு உள்ளே என்ன வரும் என்று எழுதுகிறேன்.

சாட்ஸ்வொர்த்_கடை
புதுக்கடை ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில். எங்கள் கடை இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, கம்பெனி இல்லை. டிரேட் மார்க் போன மாதம் மனுப் போட்டேன். முன்பணமாக 50,000 ராண்ட் வாங்கியிருக்கிறேன். அதில் கொஞ்சம் புது போர்டுக்கும் பெயிண்டுக்கும் போய்விட்டது.

பீனிக்ஸ்_வாசு
அந்தப் பணத்தை உடனே நிரப்பித் தனிக் கணக்கில் போடுங்கள் அண்ணா. அவர் விலகினால் திருப்பிக் கேட்பார். நான் ஒரு பிரான்சைஸ் கடை எடுத்தவன். எனக்கு ஆவணமே கொடுக்கவில்லை, ஒரே மாலையில் பேசி, அதே மேஜையில் கையெழுத்து. "மாதம் இவ்வளவு நிற்கும்" என்று வாயால் சொன்ன தொகையை யார் மேல் வைத்துக் கேட்பது? அதனால்தான் சொல்கிறேன், அந்த 95,000 எப்படி வந்தது என்று எழுத்தில் வையுங்கள்.

கணக்கர்_தேவி
வாசு சொல்வதுதான் இந்த ஆவணத்தின் உயிர். மற்றவை சுலபம். எத்தனை பிரான்சைஸ் கடை இருக்கிறது? உங்களிடம் பூஜ்யம், அதை அப்படியே எழுதுங்கள். போன நிதியாண்டில் விற்பனையும் நிகர லாபமும் எவ்வளவு வளர்ந்தன என்று போட வேண்டும். கடைசியாகக் கணக்குச் சான்று வாங்கிய பிறகு நிலைமையில் பெரிய மாற்றம் இல்லை, கடன்களை உரிய நேரத்தில் கட்ட முடியும் என்று ஒரு உறுதிமொழி வேண்டும். இப்போதைய பிரான்சைஸ்காரர்கள் பட்டியலும் உங்கள் சொந்தக் கடைகளின் பட்டியலும் இணைக்க வேண்டும். அவர்களைத் தொடர்புகொள்ளவோ கடையைப் போய்ப் பார்க்கவோ வருகிறவருக்கு உரிமை உண்டு என்று தெளிவாக எழுத வேண்டும். உதவி செய்ய யார் யார் இருக்கிறார்கள் என்ற வரைபடமும் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த வரைபடத்தில் எத்தனை பேர்?

கடினமானது வருமான மதிப்பீடு. விற்பனை, லாபம் என்று எதை எதிர்பார்க்கலாம் என்று எழுதும்போது, எந்த அனுமானத்தில் சொல்கிறீர்கள் என்பதையும் கூடவே எழுத வேண்டும். உங்கள் மாதக் கணக்கைப் போடுங்கள், பார்க்கலாம்.

சாட்ஸ்வொர்த்_கடை
விற்பனை 300,000. சாமான், ரொட்டி, பொட்டலம் எல்லாம் 120,000. ஐந்து பேர் சம்பளம் 45,000. கரண்ட், கேஸ், தண்ணீர் 22,000. மற்றவை 18,000. மீதி 95,000. உதவிக்கு நான், என் மனைவி, அம்மா.

கணக்கர்_தேவி
வாடகை எங்கே?

சாட்ஸ்வொர்த்_கடை
கட்டடம் அப்பாவுடையது.

கணக்கர்_தேவி
அப்படியானால் அந்த 95,000 உங்கள் கடையின் லாபம் மட்டும் அல்ல, உங்கள் குடும்பத்தின் உழைப்பும் அப்பாவின் கட்டடமும் அதில் இருக்கின்றன. லெனேசியாக்காரருக்கு இரண்டும் கிடையாது. அவருக்கு எப்படி வரும் என்று போட்டுப் பார்க்கிறேன், எண்கள் உதாரணத்துக்கு.

அவரும் உங்களைப் போலவே 300,000 விற்கிறார் என்று வையுங்கள். மசாலாவை உங்களிடம் வாங்குவதால் சாமான் செலவு 40 சதவீதத்திலிருந்து 43 ஆகிறது, 129,000. உங்கள் இடத்தில் ஒரு மேலாளர் 18,000, உங்கள் மனைவி இடத்தில் ஒரு சமையலாள் 9,000, ஆகச் சம்பளம் 72,000. வாடகை 30,000. கரண்ட் வகை 22,000, மற்றவை 18,000. உங்களுக்குத் தரும் ராயல்டி 6 சதவீதம் 18,000, விளம்பரம் 2 சதவீதம் 6,000. கூட்டினால் 295,000. மீதி 5,000. கடை அமைக்க வாங்கிய கடன் தவணை இன்னும் இதில் சேரவில்லை.

முதல் வருடம் 70 சதவீதம்தான் விற்கிறது என்றால் விற்பனை 210,000. சாமான் 90,300, சம்பளம் அதே 72,000, வாடகை அதே 30,000, கரண்ட் 20,000, மற்றவை 15,000, ராயல்டியும் விளம்பரமும் 16,800. செலவு 244,100. மாதம் 34,100 நஷ்டம். இதை எழுதாமல் 95,000 என்று போட்டுக் கையெழுத்து வாங்கினால் அது மதிப்பீடு அல்ல, ஒரு மனிதரைப் பள்ளத்தில் இறக்குவது.

லெனேசியா_கமலா
லெனேசியாவில் இருக்கிறேன். கடைத்தெருவில் இடம் எங்கே என்பதைப் பொறுத்து வாடகை பெரிதாக மாறும். இடம் முடிவாவதற்கு முன் வாடகைக்கு ஒரு எண் போட்டால் அது ஊகம் என்று அங்கேயே எழுதிவிடுங்கள். அப்புறம், அந்த 300,000 வாட் சேர்த்ததா, கழித்ததா? 15 சதவீதம் உள்ளே இருந்தால் உண்மையான விற்பனை சுமார் 260,870தான்.

ஆலோசகர்_ஜோபர்க்
இந்தக் கணக்கையெல்லாம் போட்டால் யாரும் பிரான்சைஸ் எடுக்க மாட்டார்கள். உரிமையாளரே கடையில் நின்றால் மேலாளர் சம்பளம் மிச்சம், மாதம் 23,000 வரும். அதை எழுதுங்கள்.

கணக்கர்_தேவி
எழுதலாம். "உரிமையாளர் வாரம் ஆறு நாள் கடையில் நிற்பார்" என்ற அனுமானத்தை அதே வரியில் எழுதினால் சரி.

வெருலம்_சமையல்
மசாலா விஷயம் கேட்கிறேன். அம்மா அரைப்பதை அவர் எப்படி அரைப்பார்? செய்முறையை ஆவணத்தில் எழுதினால் 14 நாளில் அவர் படித்துவிட்டுத் தானே கடை போட்டுவிடுவாரே?

பீனிக்ஸ்_வாசு
செய்முறை ஆவணத்தில் வராது, கையேட்டில் வரும். அதையும் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் கொடுப்பார்கள். ஆனால் "மசாலா எங்களிடம்தான் வாங்க வேண்டும்" என்று கட்டாயப்படுத்தலாமா? நான் எண்ணெய், பொட்டலம், துடைக்கும் காகிதம் வரை அவர்கள் சொன்ன இடத்தில் வாங்கினேன். பக்கத்துக் கடையில் மலிவு.

வெருலம்_சமையல்
காகிதத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மசாலா மாறினால் அது உங்கள் பன்னி சாவ் அல்ல. என் பாட்டி மிளகாயைக் கையால் கிள்ளிப் பார்த்துத்தான் வறுப்பார். மூட்டை மாறினால் வறுக்கும் நேரமும் மாறும். அதைக் கையேட்டில் எழுதவே முடியாது. அம்மாவே எல்லாக் கடைக்கும் அரைக்க வேண்டும்.

ஆலோசகர்_ஜோபர்க்
அம்மாவுக்கு எத்தனை வயது? ஒரு நாள் முடியாமல் போனால் இரண்டு கடையும் நிற்கும். தயாரிக்கும் தொழிற்கூடம் ஒன்றோடு பேசி அளவை நிலைப்படுத்துங்கள்.

வெருலம்_சமையல்
தொழிற்கூட மசாலாவில் அந்த மணம் வராது.

கணக்கர்_தேவி
மணம் பற்றி நீங்கள் இருவரும் பேசுங்கள். சட்டம் சொல்வது இது: பிராண்டுக்குரிய பொருளோடு நியாயமான தொடர்பு இருப்பதை உங்களிடம் வாங்கச் சொல்லலாம். மசாலா அப்படிப்பட்டது, துடைக்கும் காகிதம் கடினம். யாரோ ஒரு சப்ளையரிடமிருந்து உங்களுக்கு ஏதாவது பலன் கிடைத்தால், அதையும், அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். விளம்பரப் பணத்தையும் தனி வங்கிக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு பெரிய சிக்கல். ஆவணத்தோடு கணக்காளர் ஒருவரின் சான்று வேண்டும், அவருடைய அலுவலகத் தாளில். வணிகம் தொடர்ந்து இயங்குகிறது, கடன்களைக் கட்ட வல்லது என்று அவர் சான்று தர வேண்டும். உங்கள் அப்பா பெயரில் இருக்கும் கடைக்கா, புதிதாகத் தொடங்கும் கம்பெனிக்கா? பிரான்சைஸ் கொடுப்பது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பீனிக்ஸ்_வாசு
புதுக் கம்பெனி என்றால் போன வருடக் கணக்கே இல்லையே அக்கா. கடையின் கணக்கை இணைத்துக் கொள்ளலாம் என்று என் வக்கீல் சொல்கிறார்.

கணக்கர்_தேவி
இணைக்கலாம், ஆனால் அது கம்பெனியின் கணக்கு என்று சான்று கொடுக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு கணக்காளர் வேறு மாதிரி நினைக்கலாம்.

லெனேசியா_கமலா
டிரேட் மார்க்கையும் கவனியுங்கள். மனு நிலுவையில் இருக்கிறது என்றே எழுதுங்கள், பதிவு ஆகிவிட்டது என்று அல்ல. டேக் அவேக்கு 43ஆம் வகுப்பு, மசாலா தனியாக விற்றால் 30ஆம் வகுப்பு. "பன்னி சாவ்" என்ற சொல் எல்லோருக்கும் பொது, அதை மட்டும் உங்களுடையதாக்க முடியாது. கடைப் பெயரும் சின்னமும்தான் உங்களுடையவை.

டோங்காட்_பெரியவர்
இப்போதுதான் முழுவதும் படித்தேன் தம்பி. கொடுக்கிறவனாக இருந்தால், அந்த லெனேசியாக்காரரை ஒரு வாரம் உன் கடையில் நிற்கச் சொல். காலை நாலரைக்கு வெங்காயம் உரிப்பதிலிருந்து இரவு கல்லா எண்ணும் வரை. அவர் விலகினால் அப்போதே விலகட்டும். என் மச்சானுக்கு அப்படி யாரும் காட்டவில்லை.

சாட்ஸ்வொர்த்_கடை
(ஒன்பது நாள் கழித்து)
பதில் போடத் தாமதம், மன்னிக்கவும். வெள்ளிக்கிழமை கையெழுத்தை நிறுத்திவிட்டேன். முன்பணத்தில் செலவானதை மனைவியின் சேமிப்பிலிருந்து நிரப்பித் தனிக் கணக்கில் போட்டுவிட்டோம். தேவி அக்காவின் கணக்கை லெனேசியாக்காரரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 5 சதவீத ராயல்டி என்றால் யோசிக்கிறேன், வாடகை குறைந்த இடம் பார்க்கிறேன் என்றார். அடுத்த வாரம் கடையில் நிற்க வருகிறார். கம்பெனி விஷயம் அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். வாட் சேர்த்த விற்பனைதான் அது, கமலா அக்கா. திரும்பக் கணக்குப் போட வேண்டும்.