இன்ஆக்டிவ் அக்கவுன்ட்: செயலற்ற கணக்கா, புழங்காக் கணக்கா?

அனுப்புநர்: கௌசல்யா, அஸ்தம்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். நாகலூர்ப் பக்கம் சிறு காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் மழைமானியில் எடுக்கும் அளவை டிரைவில் ஒரு தாளில் ஏற்றுகிறார்கள். காய்த்துளைப்பான் விழுந்த காயை, பூ எடுத்த நாளைப் படம் பிடித்து ஃபோட்டோஸில் போடுகிறார்கள். எல்லாம் ஒரே இலவசக் கூகுள் கணக்கு, 15 ஜிபி. அறுவடை முடிந்துவிட்டால் அந்தக் கணக்குப் பக்கம் மாதக்கணக்கில் யாரும் போவதில்லை.

இரண்டு ஆண்டு யாரும் திறக்காவிட்டால் கணக்கு அழிக்கப்படலாம் என்று சொல்ல வேண்டும். “செயலற்ற கணக்கு நீக்கப்படும்” என்று எழுதிக் காட்டினேன். ஒரு அம்மா படித்துவிட்டு, “ஏற்கெனவே செயலற்றுப் போன கணக்குன்னா அதுல என்ன இருக்கப் போகுது, நீக்கினா நீக்கட்டுமே” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, சொல்தான் சரியில்லை. வேறு என்ன சொல்லலாம்?

அனுப்புநர்: இராஜமாணிக்கம், செவ்வாய்ப்பேட்டை

அம்மா கௌசல்யா, புதிதாக எதுவும் தேட வேண்டியதில்லை. வங்கியில் நாங்கள் பல வருடமாக எழுதி வந்தது “செயல்படாத கணக்கு”. அதிலும் இரண்டு ஆண்டுதான். வாடிக்கையாளர் தானாக எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் அந்தப் பட்டியலுக்குப் போய்விடும். மக்களுக்குப் பழகிய சொல். அடையாளச் சான்றோடு கிளைக்குப் போனால் மறுபடி உயிர் கொடுத்துவிடுவார்கள். இங்கேயும் அப்படித்தானே இருக்கும்?

அனுப்புநர்: அருள், சூரமங்கலம்

ஐயா, அப்படி இல்லை என்பதால்தான் அந்தச் சொல் வேண்டாம் என்கிறேன். வங்கிக் கணக்கு செயல்படாமல் போனால் பணம் அப்படியே இருக்கும். 10 ஆண்டு கழித்து ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றினாலும் உரியவர் கேட்டு வாங்கலாம். கூகுள் கணக்கு அழிந்தால் அஞ்சல், கோப்பு, படம் எல்லாம் போய்விடும். அதே ஜிமெயில் முகவரியில் புதுக் கணக்கும் திறக்க முடியாது. “செயல்படாத கணக்கு” என்று துண்டறிக்கையில் போட்டால், நீங்கள் நினைத்ததைத்தான் அந்த அம்மாவும் நினைப்பார்: அப்புறம் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று.

ஆனால் ஐயா சொன்ன “வாடிக்கையாளர் தானாக” என்பதை நான் விடமாட்டேன். வங்கி தானே வட்டி வரவு வைப்பது கணக்கில் வராது இல்லையா? இங்கேயும் உரியவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்கிறார்கள். அஞ்சல் பெட்டியில் நாள்தோறும் விளம்பரம் வந்து விழுகிறது என்றால் கணக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வந்து பார்க்க ஆள் இல்லை. அதனால் அதைச் செயலற்றது என்பது பொருந்தவில்லை. ஆள் புழங்காத வீடு என்கிறோமே, அது. “புழங்காக் கணக்கு” என்று வைக்கலாம்.

எதைப் புழக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கணக்கில் நுழைந்த நிலையில் அஞ்சலைப் படிப்பது, அனுப்புவது, டிரைவில் கோப்பைத் திறப்பது, யூடியூபில் ஒரு காணொளி பார்ப்பது, தேடுவது, பிளே ஸ்டோரில் ஒரு செயலி இறக்குவது எல்லாம் சேரும். எந்தக் கருவியிலிருந்து செய்தாலும் சரி. கூகுள் இந்த விதியை 2023 மே மாதம் அறிவித்தது, டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் கணக்குகளுக்கு மட்டும்தான். பள்ளி, அலுவலகம் கொடுத்த கணக்குக்கு இது பொருந்தாது.

நடைமுறையில் சிக்கல் வருவது எச்சரிக்கை அஞ்சலில்தான். அழிப்பதற்குக் குறைந்தது 8 மாதம் முன்பிருந்தே அந்தக் கணக்குக்கும் மீட்பு முகவரிக்கும் அனுப்புவோம் என்கிறார்கள். தோட்டத்துக் கணக்கை யாரும் திறப்பதில்லை, சரி. மீட்பு முகவரி யாருடையது? பெரும்பாலும் கணக்கைத் திறந்து கொடுத்த பையனுடையது. அவன் சென்னைக்கு வேலைக்குப் போய் அந்த முகவரியையும் விட்டிருப்பான். இரண்டு பெட்டியும் புழங்காப் பெட்டி என்றால் எச்சரிக்கை யார் கண்ணிலும் படாது. துண்டறிக்கையில் ஒரு வேலைதான் சொல்ல முடியும் என்றால், மீட்பு முகவரியையும் மீட்பு எண்ணையும் இன்றைக்கே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

அனுப்புநர்: விக்னேஷ், அம்மாபேட்டை

அண்ணா, எனக்கும் இதே பிரச்சினை. கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு இலவச கிளவுடில் சின்ன சர்வர் ஓட்டுகிறேன். தினமும் லாகின் செய்கிறேன், ராத்திரி 10 நிமிடம் பேக்கப் ஓடுகிறது. ஆனாலும் “ஐடில்” என்று சொல்லி நிறுத்தப் போவதாக அஞ்சல் வந்திருக்கிறது. நான்தான் தினமும் புழங்குகிறேனே, அப்புறம் எப்படி என் கணக்கு புழங்காக் கணக்கு ஆகும்?

அனுப்புநர்: அருள், சூரமங்கலம்

விக்னேஷ், உன் கேள்வி வேறு. உன் கணக்குக்கு எதுவும் ஆகவில்லை. அந்த இயந்திரத்தைப் பற்றித்தான் அஞ்சல். ஆனால் கேட்டது நல்லதாகப் போயிற்று. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் வைத்தால் உனக்கு வந்த குழப்பம் எல்லோருக்கும் வரும்.

உன்னுடையது எந்த நிறுவனம் என்று நீ சொல்லவில்லை. ஆரக்கிள் தன் இலவச இயந்திரங்களுக்கு வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் விதியை வைத்துச் சொல்கிறேன். 7 நாள் அளவை எடுத்துப் பார்ப்பார்கள். சிபியு பயன்பாட்டின் 95ஆம் சதமானம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்து, நெட்வொர்க்கும் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்த இயந்திரம் ஐடில். A1 வகை என்றால் நினைவகமும் அப்படியே குறைவாக இருக்க வேண்டும். எல்லாமே குறைவாக இருந்தால்தான் கை வைப்பார்கள்.

நீ மாட்டியது 95ஆம் சதமானத்தில். வாரத்தின் மொத்த நேரத்தில் மிகப் பரபரப்பான 5 விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் உச்சம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அது. ஒரு வாரம் 168 மணி நேரம். அதில் 5 விழுக்காடு 8 மணி 24 நிமிடம். ஒரு நாளைக்கு என்று பிரித்தால் 72 நிமிடம். உன் பேக்கப் 10 நிமிடம் சிபியுவை முழுதாக எடுத்தாலும் அந்த 72 நிமிடத்துக்குள் அடங்கிக் காணாமல் போய்விடும். நீ லாகின் செய்ததை யாரும் எண்ணவே இல்லை. கன்சோலில் CpuUtilization வரைபடத்தை 7 நாளுக்கு விரித்துப் பார். ராத்திரி ஒரு மெல்லிய ஊசி, மற்ற நேரமெல்லாம் தரையோடு தரையாகக் கோடு என்று இருந்தால் காரணம் இதுதான்.

சிலர் சும்மா சுற்றும் லூப் ஒன்றை 72 நிமிடத்துக்கு மேல் ஓட விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறொருவருக்குப் பயன்பட வேண்டிய இடத்தை வெறுமனே சூடாக்குவது அது. பணம் கட்டும் வகைக்குக் கணக்கை மாற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்த மாட்டோம் என்கிறார்கள். இலவச வரம்புக்குள் இருக்கும் வரை கட்டணம் இல்லை. வரம்பு தாண்டினால் அட்டையில் பிடிப்பார்கள், அதனால் பட்ஜெட் எச்சரிக்கை வைக்காமல் மாற்றாதே.

ஐடிலுக்கு என் பரிந்துரை “சும்மா கிடப்பு”. “சும்மா கிடக்கும் இயந்திரம்” என்றால் சொன்னவுடன் புரிகிறது.

அனுப்புநர்: மல்லிகா, ஏற்காடு

வணக்கம். “சும்மா” என்பதைப் பாடப்புத்தகத்தில் யாரும் விடமாட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். “ஓய்வுநிலை” நன்றாக இருக்கிறதே? அதோடு கௌசல்யா, இவ்வளவு நீளமாக வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை லாகின் செய்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். மலை மேல் சிக்னல் கிடைப்பதே பெரிய பாடு, இதற்கு மேல் யாரும் செய்ய மாட்டார்கள்.

அனுப்புநர்: அருள், சூரமங்கலம்

டீச்சர், அந்த ஒரு வரி கணக்கைக் காப்பாற்றும், ஆனால் படங்களையும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. 2021 ஜூன் 1 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒன்றில் இரண்டு ஆண்டு புழங்காவிட்டால், அதில் உள்ளதை மட்டும் நீக்கலாம். மழைத் தாளை வாரா வாரம் திறக்கிறார், காய்த்துளைப்பான் படங்களை 2 வருடமாகத் தொடவில்லை என்று வையுங்கள். கணக்கு இருக்கும், தாள் இருக்கும், படங்கள் போகலாம். இதை “செயலற்ற” என்பதை வைத்து எப்படி எழுதுவீர்கள்? “கணக்கில் புழங்கினீர்கள், படங்களில் புழங்கவில்லை” என்று இந்தச் சொல்லில் எளிதாக வருகிறது. ஆகவே வருடத்துக்கு ஒரு முறை மூன்றையும் திறக்கச் சொல்லுங்கள். ஃபோட்டோஸையும் அதே கணக்கில் போய்த் திறக்க வேண்டும். அலைபேசியில் வேறு கணக்கு முன்னால் நிற்கும், அதைப் பார்த்துவிட்டுத் திறந்தாயிற்று என்று வந்துவிடுவார்கள்.

“ஓய்வுநிலை”யை ஸ்லீப்புக்குப் பலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். தூங்கும் கணினி வேறு, விழித்துக்கொண்டு வேலையில்லாமல் இருப்பது வேறு.

அனுப்புநர்: இராஜமாணிக்கம், செவ்வாய்ப்பேட்டை

தம்பி அருள், வங்கியில் பணம் இருக்கும், இங்கே எல்லாம் போய்விடும் என்ற வேறுபாடு புரிந்தது. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வங்கியில் நாமினி போடுவது போல இங்கே ஏதும் உண்டா? தோட்டத்துப் பெரியவர் காலமாகிவிட்டால் யார் திறப்பது?

அனுப்புநர்: அருள், சூரமங்கலம்

உண்டு ஐயா. கணக்கு அமைப்பில் Inactive Account Manager என்று இருக்கும். எத்தனை காலம் புழங்காமல் இருந்தால் என்று 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்து, 10 பேர் வரை குறிப்பிடலாம். கெடு தாண்டினால் அவர்களுக்குத் தகவல் போகும், நாம் அனுமதித்த கோப்புகளை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம். கணக்கு அவர்கள் கைக்கு மாறாது.

அனுப்புநர்: செல்வம், ஆத்தூர்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் “அவங்க நம்மகூடப் புழங்காதவங்க” என்றால் அதில் சாதி இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அரசுத் துண்டறிக்கை மாதிரி ஒரு தாளில் “புழங்காக் கணக்கு” என்று பார்த்தால் எனக்கு உறுத்தும். பொருள் பிழை என்று சொல்லவில்லை. “புழக்கம்” என்ற பெயர்ச்சொல்லில் அந்த வாடை இல்லை. ரூபாய் நோட்டு புழக்கத்தில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம்.

அனுப்புநர்: கௌசல்யா, அஸ்தம்பட்டி

செல்வம் அண்ணா, எழுதியதற்கு நன்றி. எனக்கு இது தோன்றவே இல்லை. தலைப்பில் “புழக்கமில்லாக் கணக்கு” என்று மாற்றுகிறேன். நாகலூருக்கு எடுத்துப் போகும் வரைவு இதோ:

“இரண்டு ஆண்டு உங்கள் புழக்கம் இல்லாவிட்டால் கூகுள் கணக்கு அழிக்கப்படலாம். அழிந்தால் திரும்பக் கிடைக்காது. அஞ்சல் வந்துகொண்டிருப்பது புழக்கம் ஆகாது, நீங்கள் திறந்து பார்ப்பதுதான் புழக்கம். ஒவ்வொரு வருடமும் பழம் பறித்து முடிந்ததும் அஞ்சல், மழைத் தாள், படங்கள் மூன்றையும் தோட்டத்துக் கணக்கிலேயே திறந்து பாருங்கள். மீட்பு முகவரியும் எண்ணும் இன்று உங்கள் வீட்டில் யாராவது பயன்படுத்துவதாக இருக்கட்டும்.”

கீப் அலைவ் என்பதற்கு “உயிர்ப்பித்தல்” என்று எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். செத்ததை எழுப்புவது போல இருக்கிறது. “புழக்கம் காட்டுதல்” என்று வைக்கலாமா? போலியாகக் காட்டுவது என்று பொருள் வருமோ என்று சந்தேகம். ஐடில் இந்தத் தாளுக்குத் தேவையில்லை, விக்னேஷ் அதைத் தனி இழையாகத் தொடங்கட்டும்.

அனுப்புநர்: மல்லிகா, ஏற்காடு

“புழக்கத்தில் வைத்திருத்தல்” என்று எழுதுங்கள், போலி வராது. ஐடிலுக்கு நான் இன்னும் ஓய்வுநிலைதான்.