கலைச்சொல் கேள்வி: ‘லோட் ஷீட்’டும் ‘ஜீரோ ஃபியூல் வெயிட்’டும்

முகுந்தன், பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். விமான நிலையத் தரைப்பணிக்குச் சேரும் பிள்ளைகளுக்காக ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் சிக்கிக்கொண்டேன். விமானம் கிளம்புவதற்கு முன் விமானிக்குப் போகும் ‘லோட் ஷீட்’டுக்கு ‘எடைப் பட்டியல்’ என்று போட்டிருக்கிறேன். ‘ஜீரோ ஃபியூல் வெயிட்’டுக்கு ‘சுழிய எரிபொருள் எடை’. இரண்டாவதைப் படித்தால் எனக்கே புரியவில்லை. கருத்து சொல்லுங்கள்.

சரஸ்வதி, பட்டர்வொர்த்

முகுந்தன் தம்பி, ‘சுழிய எரிபொருள் எடை’ என்றால் இல்லாத எரிபொருளுக்கு என்ன எடை என்று மாணவன் கேட்பான். ‘நிறை’ என்ற சொல்லையும் தொடாதீர்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது ஒரு பொருள், இலங்கையில் வேறு பொருள், நம் பள்ளிகளிலோ ‘பொருண்மை’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். ‘எடை’யோடு நின்றுகொள்வது நல்லது. ‘எரிபொருள் சேரா எடை’ என்றால் எப்படி இருக்கும்?

லெட்சுமி, பினாங்கு

எடை என்றதும் ஞாபகம் வருகிறது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பெட்டி மூன்று கிலோ கூட என்று கவுண்டரில் பணம் வாங்கிவிட்டார்கள். பணம் கட்டினால் மட்டும் விமானத்தின் பாரம் குறைந்துவிடுமா? அந்தப் பட்டியலில் இதையும் எழுதுவார்களா?

ரவி, கிள்ளான்

அக்கா, அது வியாபாரக் கணக்கு, இது வேறு. முகுந்தன், ‘எடைப் பட்டியல்’ போதும். விமானம், ஆட்கள், பெட்டிகள், சரக்கு, எண்ணெய், எல்லாவற்றையும் கூட்டி, கிளம்பும் எடை உச்ச வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது. மிச்சம் இருந்தால் சரக்கு ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் எண்ணெயைக் குறைப்பார்கள். கூட்டல் கணக்குதானே?

குணசேகரன், சிப்பாங்

ஓய்வு பெறும்வரை லோட் கண்ட்ரோலில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரவி சொன்னதில் கூட்டல் சரி. ஆனால் வரம்பு ஒன்று இல்லை, மூன்று. சொல் தேடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவோம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஓர் ஏ320 போகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை, ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பவை.

ஆட்களும் சரக்கும் ஏறாத விமானம், சிப்பந்திகள், சாப்பாடு எல்லாம் சேர்த்து 43,000 கிலோ. பெரியவர்கள் 170 பேர். பயணிகளை நிறுத்து ஏற்றுவதில்லை. கைப்பையோடு தலைக்கு 84 கிலோ என்று ஐரோப்பிய விதிமுறையில் ஒரு எண் உண்டு, அதைப் போட்டால் 14,280. கவுண்டரில் நிறுத்த பெட்டிகள் 3,900. லெட்சுமி அம்மா, உங்கள் மூன்று கிலோவும் இதில்தான் சேரும், பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும். ஆகக்கூடி 61,180. சரக்குக் கூடத்தில் 1,200 கிலோ காத்திருக்கிறது.

முதல் வரம்பு எரிபொருள் சேரா எடைக்கு. இந்த விமானத்துக்கு 62,500. ஆக 1,320 கிலோவுக்கு இடம் உண்டு. இரண்டாவது, கிளம்பும் எடைக்கு 77,000. எண்ணெய் 13,000 போட்டால் 2,820 கிலோவுக்கு இடம். மூன்றாவது, இறங்கும் எடைக்கு 66,000. வழியில் 9,400 கிலோ எரிந்து 3,600 மிச்சத்தோடு இறங்கும். ஆக 1,220 கிலோவுக்குத்தான் இடம். மூன்றில் எது சிறியதோ அதுவே அன்றைய பேச்சு. 1,200 கிலோ சரக்கும் ஏறிவிடும்.

இப்போது கேப்டன் திருச்சி வானிலையைப் பார்க்கிறார். வடகிழக்குப் பருவமழை. வட்டமடிக்க வேண்டி வரலாம் என்று 1,000 கிலோ எண்ணெய் கூடக் கேட்கிறார். அந்தக் கூடுதல் எடையைத் தூக்கிப் போவதற்கே சுமார் 100 கிலோ எரிந்துவிடும். மீதி 900 தரையிறங்கும்போதும் தொட்டியில் இருக்கும். இறங்கும் எடைக்கு இருந்த 1,220 இடம் 320 ஆகச் சுருங்குகிறது. 900 கிலோ சரக்கு இறங்கவேண்டியதுதான். கடைசியில் போகும் தாளின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

```
ZERO FUEL WEIGHT ACTUAL 61480 MAX 62500
TAKE OFF FUEL           14000
TAKE OFF WEIGHT  ACTUAL 75480 MAX 77000
TRIP FUEL                9500
LANDING WEIGHT   ACTUAL 65980 MAX 66000 L
UNDERLOAD BEFORE LMC       20
```

கடைசிக்கு முந்தின வரியில் தனியாக நிற்கும் அந்த `L`-ஐப் பாருங்கள். எந்த வரம்பு கையைக் கட்டியதோ அதன் பக்கத்தில்தான் அது வரும். எங்கள் கண் முதலில் போகும் இடம் அதுதான்.

ரவி, கிள்ளான்

அண்ணே, கிளம்பும்போது 1,500 கிலோவுக்கு இடம் சும்மா கிடக்கிறது. சரக்கை ஏற்றிக்கொண்டு போய், திருச்சியில் மழை இல்லாவிட்டால் மிச்ச எண்ணெயை மேலேயே கொட்டிவிட்டு இறங்கலாமே?

குணசேகரன், சிப்பாங்

ஏ320-இல் எண்ணெயைக் கொட்டும் வசதி கிடையாது தம்பி. பெரிய விமானங்கள் சிலவற்றில் உண்டு, அதுவும் அவசரத்துக்கு. வரம்புக்கு மேல் இறங்கினால் விமானம் உடைந்துவிடாது. ஆனால் இறங்கியபின் பரிசோதனை செய்யாமல் அடுத்த பயணத்துக்கு விடமாட்டார்கள். அவசரத்தில் நடந்தால் நடந்தது, திட்டம் போட்டு அப்படி அனுப்பமுடியாது.

எண்ணெயைக் குறைப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வழிக்கு ஆவது, அதற்கு மேல் கொஞ்சம் ஒதுக்கு, திருச்சி மூடினால் சென்னைக்கோ மதுரைக்கோ போக ஆவது, கடைசியாக அரைமணி நேரம் பறக்க ஆவது, இந்த நான்கிலும் யாரும் கை வைக்கமுடியாது. பேரம் எல்லாம் கேப்டன் கேட்ட அந்தக் கூடுதல் ஆயிரத்தில்தான். அவர் வேண்டும் என்றால் சரக்கு நிற்கும். சரக்குப் பிரிவிலிருந்து போன் வரும், கத்துவார்கள், வேறு ஒன்றும் ஆகாது.

சரஸ்வதி, பட்டர்வொர்த்

ஐயா, கிளம்பும் எடைக்கும் இறங்கும் எடைக்கும் வரம்பு வைத்ததற்குக் காரணம் புரிகிறது. ஓடுபாதை, சக்கரம் என்று மாணவருக்குச் சொல்லிவிடலாம். எரிபொருள் சேராத எடைக்குத் தனி வரம்பு எதற்கு? எண்ணெய் இல்லாமல் எந்த விமானமும் பறப்பதில்லையே?

குணசேகரன், சிப்பாங்

டீச்சர், இறக்கைதான் காரணம். பறக்கும்போது இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது, நடு உடல் கீழே இழுக்கிறது. இரண்டும் சேரும் அடிப்பகுதியில் வளைவு விழுகிறது. எண்ணெய் பெரும்பாலும் இறக்கைக்குள் இருப்பதால் அதன் எடை இறக்கையைக் கீழே அமுக்கி அந்த வளைவைக் குறைக்கும். எரிய எரிய அந்தத் துணை போய்விடும். ஆகவே, எண்ணெய் துணைக்கு இல்லை என்று வைத்துக்கொண்டு உடலில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று விமானத்தைக் கட்டியவர்களே வரம்பு போட்டுவிடுகிறார்கள். அந்த வரம்பை மீறிய சரக்கை எண்ணெயைக் குறைத்துச் சரிக்கட்ட முடியாது. உங்கள் ‘சேரா’ எனக்குப் பிடித்திருக்கிறது. விமானத்தில் எண்ணெய் இருக்கும், கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதானே.

முகுந்தன், பினாங்கு

‘எரிபொருள் சேரா எடை’யை எடுத்துக்கொள்கிறேன். `UNDERLOAD` என்பதை ‘குறைசுமை’ என்று எழுதியிருந்தேன். அண்ணன் சொன்ன கணக்கைப் பார்த்தால் அது குறை இல்லை, இன்னும் ஏற்ற இருக்கும் இடம். ‘ஏற்ற மிச்சம்’ என்று மாற்றட்டுமா? அந்த 20 கிலோ இருக்கும்போது கடைசி நேரத்தில் ஒருவர் ஓடிவந்தால் என்ன செய்வீர்கள்?

குணசேகரன், சிப்பாங்

‘ஏற்ற மிச்சம்’ நல்ல சொல். ஒருவர் என்றால் 84. மிச்சம் 20. கணக்கு ஒத்துவராது. 300 கிலோ சரக்கிலிருந்து இன்னும் ஒரு பொட்டலத்தை இறக்கினால்தான் அவர் ஏறலாம். கதவு மூடும் நேரத்தில் அதை யாரும் விரும்பமாட்டார்கள். மிச்சம் 500 என்று இருந்தால் கதவருகிலேயே தாளில் ஒரு வரி திருத்தி முடித்துவிடலாம், தாளில் `LMC` என்று இருப்பது இந்தக் கடைசி நேரத் திருத்தம்தான், அதற்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அளவு வைத்திருக்கும். அதைத் தாண்டினால் புதுத் தாள்தான்.

லெட்சுமி, பினாங்கு

சுபாங்குக்குப் போகும் சின்ன விமானத்தில், அந்த விசிறி வைத்தது, ஒருமுறை என்னையும் தங்கச்சியையும் முன்னாலிருந்து பின்னால் போய் உட்காரச் சொன்னார்கள். பாதி இருக்கை காலி. நாங்கள் குண்டாக இருக்கிறோம் என்று சொல்கிறார்களா என்று கோபம் வந்துவிட்டது. இதுவும் அந்தத் தாள் வேலையா?

குணசேகரன், சிப்பாங்

அம்மா, அதேதான். இந்த முறை நேராகக் கேள்விக்குள் வந்துவிட்டீர்கள். அந்த விமானத்தில் சரக்கு அறை ஒன்று விமானிக்குப் பின்னாலேயே இருக்கிறது. காலி இருக்கைகள் அதிகமாக இருந்து எல்லாரும் முன்பக்கமே உட்கார்ந்தால் மூக்கு கனத்துவிடும். நிறைந்த விமானத்தில் யார் எங்கே உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தொல்லை பாதி காலியான விமானத்தில்தான்.

எடை சரியாக இருந்தும் அது விழும் இடம் தப்பாக இருக்கலாம். மூக்கு கனத்தால் வாலை அதிகமாக அமுக்கிப் பறக்கவேண்டும், எண்ணெய் கூட எரியும், கிளம்பும்போது மூக்கைத் தூக்க விமானி பாடுபடுவார். வால் கனத்தால் எண்ணெய் மிச்சம்தான், ஆனால் ஓர் எல்லைக்கு மேல் போனால் விமானம் கையில் நிற்காது. தரையிலேயே வால் குந்திவிடவும் கூடும். அதனால்தான் ஏற்றும்போது அந்தச் சின்ன விமானத்தின் வாலுக்கு ஒரு முட்டுக் கொடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

திருச்சி விமானத்துக்கு வருகிறேன். இறக்கிய 900 கிலோ பின் அறையிலிருந்து போயிருந்தால் எடைமையம் முன்னால் நகர்ந்திருக்கும். தாளின் கீழ்ப்பகுதியில் அது வேறு எண்ணாக வரும். அதை வைத்துத்தான் விமானி வால் சிறகை எந்த அளவுக்குத் திருப்பி வைப்பது என்று பார்ப்பார். ஆகவே ‘எடைப் பட்டியல்’ பாதியைத்தான் சொல்கிறது.

சரஸ்வதி, பட்டர்வொர்த்

அப்படியென்றால் ‘சுமைச் சமன் தாள்’. சுமையும் வந்துவிட்டது, சமனும் வந்துவிட்டது.

ரவி, கிள்ளான்

சமன் என்றால் இடது வலது என்றுதான் நினைப்பார்கள். எனக்கு இன்னும் ‘எடைப் பட்டியல்’தான். எப்படியும் கணினிதானே கணக்குப் போடுகிறது, தப்பு வராதே.

குணசேகரன், சிப்பாங்

கணினிக்குக் கொடுப்பது தப்பானால்? 2020 ஜூலையில் பர்மிங்காமிலிருந்து பால்மாவுக்குப் போன டியூஐ நிறுவனத்தின் 737-இல், ‘மிஸ்’ என்று பதிவான 38 பெண்களைக் கணினி குழந்தைகள் என்று எடுத்துக்கொண்டது. பெண்ணுக்கு 69 கிலோ போடவேண்டிய இடத்தில் 35. தாளில் இருந்ததைவிட 1,200 கிலோவுக்கு மேல் கூடுதலாக விமானம் கிளம்பியது. வரம்புக்குள் இருந்ததால் தப்பியது. பிரிட்டன் விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கையிலேயே இருக்கிறது. கணினி கூட்டலில் தவறவில்லை. 170 பேர் ஏறிய விமானத்தில் குழந்தைகள் 40 என்று தாளில் வந்தால், பள்ளி விடுமுறையா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இடது வலது பற்றி ரவி சொன்னது நியாயம். எங்கள் கணக்கு முழுக்க முன்னும் பின்னும்தான். பக்கவாட்டுக்கு இரண்டு இறக்கைத் தொட்டியிலும் எண்ணெய் சமமாக இருக்கிறதா என்று விமானி பார்த்துக்கொள்வார்.

முகுந்தன், பினாங்கு

‘சுமைச் சமன் தாள்’ என்று போட்டு, சமன் என்பது முன்பின் சமன் என்று முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுகிறேன். ரவியின் மறுப்பையும் குறித்துக்கொண்டேன். ‘எரிபொருள் சேரா எடை’, ‘ஏற்ற மிச்சம்’ இரண்டும் உறுதி. ‘ட்ரிம்’ என்பதற்கு மட்டும் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. வால் சிறகைத் திருப்பி வைப்பதையும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள், எடைமையம் எங்கே என்பதையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போதுமா, தனித்தனியாக வேண்டுமா?

குணசேகரன், சிப்பாங்

தனித்தனியாகவே வையுங்கள். ஒன்று நாங்கள் போடும் கணக்கு, மற்றது விமானி திருப்பும் சக்கரம். சொல் எனக்கும் தெரியவில்லை. டீச்சர் பார்க்கட்டும்.