வடக்கு ஜன்னலில் வெயில் விழுமா, விழாதா?

கணக்கு வாத்தியார் (மண்டபம்):
"வடக்கு பார்த்த ஜன்னலில் வருடம் முழுவதும் நேர் வெயில் விழாது, அப்படியொரு ஜன்னல் இருப்பவர் விளக்கு வாங்குவது காசைக் கடலில் கொட்டுவதற்குச் சமம்" என்று வடக்குவாசல் அவர்கள் சென்ற வாரம் எழுதினார். அதை நம்பி, பத்துக்கு எட்டு அடி அறையில், நான்கு அடி அகல வடக்கு ஜன்னலை ஒட்டி அமர்ந்து கைப்பேசியில் வீடியோ பாடம் பதிவு செய்கிறேன். இந்த ஜூன் மாதத்தில் காலை ஏழரை மணிக்கு என் கன்னத்தில் வெயில் பட்டை விழுகிறது. மறுபக்கக் கன்னம் கருத்துப்போகிறது. கையில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று இருக்கிறது. அதை எங்கே வைப்பது?

வடக்குவாசல்:
ஐயா, உங்கள் ஜன்னல் வடக்கு பார்த்ததாக இருக்காது. திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக வடக்கு ஜன்னலைத் தேடிக் கூடம் கட்டியதற்குக் காரணம், அதில் வெயில் விழாது என்பதுதான். அவர்களுக்குத் தெரியாதது உங்கள் கைப்பேசிக்குத் தெரிந்துவிட்டதா?

பாம்பன் ஒளிப்பதிவாளர்:
ஐரோப்பாவில் கூடம் கட்டிய ஓவியர்களுக்குப் பெரும்பாலும் சரியாக இருந்தது, ஏறக்குறைய 9.3 பாகை வடக்கில் இருக்கும் மண்டபத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை சூரியன் கிழக்கிலிருந்து சற்று வடக்கே விலகித்தான் உதிக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நம் ஊரில் நண்பகல் வெயிலே வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலிருந்து வருவதால் ஒன்றரை அடி சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். காலை வெயிலும் மாலை வெயிலும் தாழ்வாக, பக்கவாட்டிலிருந்து வருவதால் சன்ஷேடால் தடுக்க முடியாது.

வாத்தியார் ஐயா, ஜூன் மாதத்தில் அந்தக் காலை வெயில் ஜன்னலை உரசிக்கொண்டு நுழைகிறது. நான்கு அடி அகல ஜன்னலில் சுவரின் பருமனைக் கழித்தால் ஜன்னலுக்கு நேரே அறைக்குள் ஏறக்குறைய ஓர் அடி ஆழத்துக்குத்தான் அது வரும். நாற்காலியை ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளுங்கள். ஜன்னல் உங்கள் மூக்குக்கு நேராகவும் இல்லாமல் காதுக்கு நேராகவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்படி திரும்பி அமருங்கள்.

வடக்குவாசல்:
ஆக, மூன்றடி தள்ளி அமர்ந்தால் வெயில் விழாது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான்.

பாம்பன் ஒளிப்பதிவாளர்:
நீங்கள் சொன்னது "வருடம் முழுவதும் விழாது" என்பது. நான் சொன்னது, விழும் இடத்தில் அமராதீர்கள் என்பது.

தொண்டி சமையலறை:
அண்ணன்மார்களே, எனக்கும் இதே சிக்கல்தான். வட்ட விளக்கை எதிரில் வைத்து மீன் குழம்பு வீடியோ எடுக்கும்போது என் மூக்குக் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையங்கள் தெரிகின்றன. வடக்கு ஜன்னல் வைத்தால் போய்விடுமா?

கீழக்கரை வாசகன்:
தங்கச்சி, இது வேறு சிக்கல். விளக்கைத் தலைக்கு மேலே உயர்த்தி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். வளையம் கண்ணாடியை விட்டு விலகிவிடும். வாத்தியாருக்கு ஒரு யோசனை: மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டிவிட்டால் வெயிலாக இருந்தாலும் நிழலாக இருந்தாலும் வெளிச்சம் மென்மையாகிவிடும். விளக்கே தேவையில்லை. பாம்பன்காரர் போன திரியில் ஒரு மணமகன் வீட்டாரிடம் மூன்று விளக்குகளுக்கு வாடகை கேட்டதை நாங்கள் மறக்கவில்லை.

பாம்பன் ஒளிப்பதிவாளர்:
கீழக்கரை காக்கா, திருமண மண்டபத்தையும் எட்டடி அறையையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டாம். வேட்டி யோசனை பாதிதான் சரி. வெயில் நேரடியாக விழும்போது அது உதவும். ஆனால் வெளிச்சத்தில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். மூன்றடி உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அது நட்டம்; கைப்பேசி படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும்.

இப்போது பல்புக்கு வருகிறேன். பல்பை இருண்ட பக்கத்திலிருந்து நேராக முகத்தை நோக்கி வைத்தால் மூக்குக்கு இரண்டாவது நிழல் ஒன்று ஜன்னல் பக்கக் கன்னத்தில் விழும். அந்த இரண்டாவது நிழலைக் கண்டதும் வெளிச்சம் அளவு மீறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஆகவே ஜன்னலுக்கு மறுபக்கம் இருக்கும் வெள்ளைச் சுவரை நோக்கிப் பல்பைத் திருப்பி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். முகத்தின் மீது சுவரின் வெளிச்சம்தான் விழ வேண்டும். பிறகு பல்பை அணைத்து, போட்டு, கைப்பேசித் திரையில் இருண்ட கன்னத்தைப் பாருங்கள். வேறுபாடே தெரியவில்லை என்றால் ஜன்னல் வெளிச்சம் பல்பை விழுங்குகிறது என்று பொருள். அந்த நேரத்தில் பல்பை அணைத்துவிட்டு, அதே பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை முகத்துக்கு அருகில் நிறுத்தினாலே போதும். மேகம் மூடும்போதும் மாலையிலும்தான் பல்பு வேலை செய்யும். பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3000 கெல்வின் பல்பாக இருந்தால் ஒரு கன்னம் ஆரஞ்சாகவும் மறு கன்னம் நீலமாகவும் தெரியும். அதைக் கைப்பேசியால் ஒரே நேரத்தில் திருத்த முடியாது.

வடக்குவாசல்:
இத்தனை பத்தி எழுதியும் வடக்கு ஜன்னலில் வெயில் விழும் என்பதற்கு ஒரு படம்கூட நீங்கள் போடவில்லை.

கணக்கு வாத்தியார் (மண்டபம்):
திசைகாட்டியில் பார்த்துவிட்டேன், ஜன்னல் வடக்குதான். நாற்காலியைத் தள்ளியதும் பட்டை போய்விட்டது. பல்பு 6500தான். ஆனால் இன்னொன்று புரியவில்லை. சென்ற டிசம்பரில், வெயிலே உள்ளே வராத நாட்களில், என் முகம் பச்சையாகத் தெரிந்ததால் மாணவர்கள் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

பாம்பன் ஒளிப்பதிவாளர்:
எதிரில் என்ன இருக்கிறது?

கணக்கு வாத்தியார் (மண்டபம்):
பத்தடி தூரத்தில் பெரியப்பா வீட்டுச் சுவர். பாசிப்பச்சை வண்ணம்.

பாம்பன் ஒளிப்பதிவாளர்:
அப்படியென்றால் டிசம்பரில் உங்கள் விளக்கு அந்தச் சுவர்தான். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மாதங்களில் வடக்கு ஜன்னலுக்குள் வெயில் வராது. ஆனால் ஜன்னலுக்கு எதிரே, தெற்கு பார்த்து நிற்கும் சுவரின் மீது முழு வெயிலும் அடிக்கும். அங்கிருந்து பட்டுத் திரும்பும் பச்சை வெளிச்சம்தான் உங்கள் அறையை நிரப்புகிறது. ஜூன் நண்பகலில் அதே சுவர் நிழலில் இருப்பதால் இப்போது சிக்கல் தெரியவில்லை. வேட்டி கட்டினால் பச்சை மென்மையாகுமே தவிரப் போகாது. பச்சையைத் திருத்தக் கைப்பேசி வண்ணத்தை மாற்றினால், பல்பு வெளிச்சம் படும் கன்னம் இளஞ்சிவப்பாகிவிடும். ஜன்னலின் கீழ்ப்பாதியை உட்புறம் வெள்ளைத் துணியோடு ஓர் அட்டையும் வைத்து அடைத்துவிட்டு, மேல்பாதியில் வானம் தெரியும்படி அமர்ந்தால் பச்சை பெருமளவு குறையும். வெளிச்சமும் குறையும் என்பதால், பல்புக்கு அப்போதுதான் உண்மையான வேலை.

கீழக்கரை வாசகன்:
ஒரு ஜன்னலில் பாதியை அடைத்துவிட்டுப் பல்பு போடச் சொல்வதை ஒளிப்பதிவு என்று அழைப்பதா, மின்வாரியத்துக்குச் சேவை என்று அழைப்பதா? பெரியப்பாவிடம் சொல்லி வெள்ளையடித்தால் முடிந்தது.

கணக்கு வாத்தியார் (மண்டபம்):
பெரியப்பாவுடன் எங்கள் வீட்டார் பேசி நான்கு வருடமாகிறது.

வடக்குவாசல்:
டிசம்பரில் வெயில் உள்ளே வருவதில்லை என்று வாத்தியாரே எழுதியிருப்பதை அனைவரும் கவனிக்க வேண்டும்.

பாம்பன் ஒளிப்பதிவாளர்:
ஜூன் மாதத்தில் வருகிறது என்று அவரே எழுதியதையும் சேர்த்துக் கவனிக்கலாம்.

தொண்டி சமையலறை:
விளக்கை உயர்த்தினேன். வளையம் கண்ணாடியை விட்டுப் போய்விட்டது. இப்போது குழம்புச் சட்டியில் தெரிகிறது.