தலைகீழ் ஏரோபிரஸ்: கை சுட்டதும், அப்புறம் நடந்ததும்

ஒற்றைடம்ளர்:
வீட்டில் நான் மட்டும்தான் காபி குடிக்கிறேன். 15 கிராம் தூள், 90 மில்லி தண்ணீர். வருகிற கெட்டி டிகாஷனில் பால் ஊற்றிக்கொள்வேன். ஆறு மாதமாக ஏரோபிரஸில் தலைகீழ் முறைதான்: அமுக்குகிற பிளஞ்சரைக் கீழே வைத்து, மேலே குழலில் தூளையும் தண்ணீரையும் ஊறவிட்டு, மூடி போட்டு டம்ளர்மேல் திருப்பி அமுக்குவது. போன ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திருகி, திருப்பிய நொடியில் பிளஞ்சர் குழலை விட்டுக் கழன்றுவிட்டது. அத்தனையும் கையிலும் சுவரிலும். கை பத்து நிமிடம் குழாயடியில் இருந்தது, சுவர்க்கறை இன்னும் இருக்கிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? நேராக வைத்துப் போட்டால் அதே கெட்டி வருமா?

அரைவைக்காரன்:
எனக்கு ஒருமுறை நடந்தது. பிளஞ்சரை ரப்பர் அளவுக்கு மட்டும் நுழைத்திருந்தேன், அதுதான் காரணம். 90 மில்லிக்குக் குழலில் அவ்வளவு இடம் தேவையே இல்லை. இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி வையுங்கள், ஆடாது. வடிகட்டும் காகிதத்தை நனைத்து மூடியில் ஒட்டவைத்தால்தான் கவிழ்க்கும்போது விழாது. மூடியைத் திருகியதும் நேரே திருப்பாமல், குழலை மெதுவாகக் கீழே அமுக்கி உள்காற்றை வெளியேற்றுங்கள். மூடியின் ஓட்டைகளில் காபி முத்து முத்தாக எட்டிப் பார்த்தால் போதும். கெட்டியான டம்ளரை அதன்மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்புங்கள்.

கெட்டி விஷயத்துக்கு வருகிறேன். நேர் முறையில் தண்ணீர் ஊற்றியவுடனே சொட்ட ஆரம்பித்துவிடும். நடுத்தர அரைப்பில் நான் அளந்தபோது, பிளஞ்சரை வைப்பதற்குள் 20 மில்லி இறங்கியிருந்தது. 200 மில்லி போடுகிறவருக்கு அது பெரிதில்லை. 90 மில்லியில் கிட்டத்தட்ட கால் பங்கு, தூளில் சரியாக ஊறாமலே போய்விடுகிறது. சிறிய அளவில்தான் தலைகீழ் முறைக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் சொட்டுவதை நேர் முறையிலும் நிறுத்தலாம். ஊற்றி, சட்டென்று கலக்கி, பிளஞ்சரைக் கொஞ்சம் நுழைத்து, அரை அங்குலம் மேலே இழுத்துவிடுங்கள். உள்ளே காற்றழுத்தம் குறைந்து சொட்டு நின்றுவிடும். ஒன்றரை நிமிடம் கழித்து அரை நிமிடத்தில் அமுக்குங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்றுச் சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

பித்தளைபில்டர்:
நானும் காகிதம் போட்டுப் பார்த்தேன். பாட்டி காலத்துப் பித்தளை பில்டரின் அடியில் வட்டமாக வெட்டி வைத்தேன். ராத்திரி ஊற்றியது காலையில் பாதிகூட இறங்கவில்லை.

ஒற்றைடம்ளர்:
ஐயா, இது வேறு கருவி. கையால் அமுக்குவது. பித்தளை பில்டரில் தண்ணீர் தன் கனத்தில் இறங்க வேண்டும், காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும்தானே!

எஸ்பிரெசோபிரியன்:
தலைகீழாகப் போட்டால் அழுத்தம் கூடும், அதனால்தான் கெட்டி. எனக்கு மேலே நுரைகூட வருகிறது.

அரைவைக்காரன்:
பாதி சரி தம்பி. கெட்டியாக வருகிறது, உண்மை. ஆனால் கடைசியில் இரண்டையும் அமுக்குவது அதே கைதான், அழுத்தம் எங்கிருந்து கூடும்? எஸ்பிரெசோ இயந்திரத்தின் 9 பார் பக்கம் நம் கை போகவே போகாது. அந்த நுரை ரொம்பப் புதிதாக வறுத்த தூளில் இருக்கும் வாயு, கூடவே கடைசியில் வரும் காற்று. சீக்கிரம் அடங்கிவிடும். இன்னொன்று, 2005-ல் இதைக் கொண்டுவந்த ஆலன் ஆட்லர் சொன்னதே நேர் முறைதான்: 80 டிகிரி தண்ணீர், பத்து விநாடி கலக்கல், அமுக்கல். தூள் நைசாக இருந்தால் தண்ணீரை அதுவே பிடித்துக்கொள்ளும், சொட்டுவது குறையும்.

மாடிவீடு:
நைஸ் அரைப்பு என்று சொல்லிவிட்டீர்கள், எச்சரிக்கிறேன். கடையில் வாங்கிய சிக்கரி கலந்த பில்டர் தூளைப் போட்டேன். உடம்பு பாரத்தையே கொடுத்து அமுக்கினாலும் நகரவில்லை, மேடையில் டம்ளர் சறுக்கியது. இப்போது சிக்கரி இல்லாமல், மேசை உப்பைவிட ஒரு சுற்றுப் பெரிதாக அரைக்கச் சொல்கிறேன்.

ஒற்றைடம்ளர்:
நேற்று இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். ஒரே தூள், 15 கிராம், ஒரே கெட்டில். தலைகீழில் 62 மில்லி, இழுத்துவிட்ட நேர் முறையில் 60. மீதியைத் தூள் குடித்துவிட்டது. மனைவிக்குப் பால் கலந்து கொடுத்தேன், எது எதுவென்று சொல்ல முடியவில்லை. பால் இல்லாமல் எனக்குத் தலைகீழில் கொஞ்சம் அடர்த்தி தெரிந்தது. மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

அப்புறம், பிளஞ்சர் கழன்ற காரணம் ஓரளவு பிடிபட்டது. ஆறு மாதமாக அதைக் குழலுக்குள் பாதியில் நிறுத்தித்தான் வைத்திருந்தேன். அமுங்கியே கிடந்து ரப்பர் சுருங்கிவிட்டது, குழலில் போட்டால் லேசாக வழுக்குகிறது. புது ரப்பர் வரும்வரை நேர் முறைதான்.

அரைவைக்காரன்:
கழுவியதும் பிளஞ்சரை முழுக்கத் தள்ளி, ரப்பர் மறுபுறம் வெளியே நிற்கும்படி வையுங்கள். அடர்த்தி விஷயத்தில் உங்கள் நாக்கை நம்பமாட்டேன், எந்த டம்ளர் எது என்று தெரியாமல் ஒருமுறை குடித்துப் பாருங்கள்.